‘என் அக்கவுன்ட்டைத் திறந்துவிடுங்க சார்!’ - கல்லூரி ஐ.டி அலுவலகத்துக்கு ஒரு கடிதம்

‘சார், என் காலேஜ் ஐ.டி ஓப்பன் ஆகல. அர்ஜென்ட். ப்ளீஸ் ரீசெட்.’

கல்லூரிகளின் கணினி மையத்துக்குத் தினமும் வரும் கடிதங்களில் பெரும்பாலானவை இவ்வளவுதான். பெயர் இருக்காது. பதிவு எண் இருக்காது. அனுப்பிய முகவரியோ, ‘தலைவன்’, ‘ராக்ஸ்டார்’ போன்ற அடைமொழிகளோடு ஸ்கூல் படிக்கும்போது ஆரம்பித்த சொந்த ஜிமெயிலாக இருக்கும். இதைப் படிக்கும் சிஸ்டம் அட்மின் என்ன செய்வார்? ‘யாரப்பா நீ?’ என்று பதில் அனுப்புவார். அந்தப் பதிலை மாணவர் சாயங்காலம்தான் பார்ப்பார். பதிவு எண்ணை அனுப்புவார். அதற்குள் அலுவலகம் பூட்டியிருக்கும். மறுநாள் ‘ஐ.டி கார்டோடு நேரில் வா’ என்பார்கள். இப்படியே இரண்டு நாள் போய்விடும்.

முன்பெல்லாம் இரண்டு நாள் பெரிய விஷயமில்லை. இன்று அசைன்மென்ட் சமர்ப்பிப்பது, இன்டர்னல் மதிப்பெண் பார்ப்பது, ஆய்வகக் கணினியில் நுழைவது, வைஃபை எல்லாமே அந்த ஒரே ஐ.டி-யில்தான். கேம்பஸ் இன்டர்வியூவுக்கான படிவம்கூட கல்லூரி மெயிலில் இருந்து திறந்தால்தான் பல இடங்களில் திறக்கும். வெள்ளிக்கிழமை 5 மணிக்குப் படிவம் மூடுகிறது, புதன்கிழமை அக்கவுன்ட் பூட்டிக்கொண்டது என்றால், அந்த இரண்டு நாள் ஒரு வேலை வாய்ப்பின் விலை.

கல்லூரி ஒன்றின் கணினிப் பிரிவில் பல வருடங்கள் உட்கார்ந்து இந்தக் கடிதங்களைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்... ஒரு நல்ல கடிதம் அந்த இரண்டு நாளை இருபது நிமிடமாகக் குறைக்கும். அதற்கு அழகான ஆங்கிலம் தேவையில்லை. பூட்டு எப்படி விழுந்தது என்பதைக் கண்டுபிடிக்கத் தேவையான தகவல்கள் இருந்தால் போதும்.

பூட்டு ஒன்றல்ல!

‘லாக் ஆகிடுச்சு’ என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது அலுவலகத்தில் இருப்பவருக்கு வேறு வேறு வேலை. வீட்டையே எடுத்துக்கொள்ளுங்களேன். சாவியை மறந்து வைத்துவிட்டு வாசலில் நிற்பது ஒன்று. தப்பான சாவியைப் போட்டுத் திருகித் திருகிப் பூட்டு சிக்கிக்கொள்வது இன்னொன்று. வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரர் மேலே ஒரு பூட்டு போட்டிருப்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே ஆள் வருவாரா?

இதில் எது என்பதைத் திரையே சொல்லிவிடுகிறது. நாம்தான் பதற்றத்தில் படிப்பதில்லை. உதாரணமாக, கூகுள் கணக்கில் `Your password was changed 3 days ago` என்பதுபோல வந்தால், நீங்கள் அடித்தது பழைய பாஸ்வேர்டு. மூன்று நாளுக்கு முன்பு யாரோ அதை மாற்றியிருக்கிறார்கள். மாற்றியது நீங்கள்தான் என்றால் யோசித்து ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். நீங்கள் இல்லை என்றால், அது ரீசெட் விஷயமே அல்ல. அக்கவுன்ட் வேறொருவர் கைக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். அதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுத வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்திருக்கும் கல்லூரிகளில் `Your account is temporarily locked to prevent unauthorized use` என்று தொடங்கும் செய்தி வரும். பாஸ்வேர்டைப் பலமுறை தவறாகப் போட்டதால் விழுந்த பூட்டு இது. ஆய்வகத்து விண்டோஸ் கணினியில் இதே நிலைமைக்கு `The referenced account is currently locked out and may not be logged on to` என்று வரும். இந்த இரண்டிலும் உங்கள் பாஸ்வேர்டு சரியாகவேகூட இருக்கலாம். பூட்டு விழுந்திருக்கும் வரை சரியான பாஸ்வேர்டுக்கும் கதவு திறக்காது.

சிம்போசியம் நடத்தும் மாணவர்களுக்கு ஒரு தனிப் பிரச்னை வரும். அழைப்பிதழை ஊரிலுள்ள கல்லூரிகளுக்கெல்லாம் ஒரே நாளில் அனுப்புவார்கள். கூகுளின் நிறுவனக் கணக்குகளில் ஒருவர் ஒரு நாளைக்கு அனுப்பக்கூடிய மெயில்களுக்கு 2,000 என்று உச்சவரம்பு உண்டு. தாண்டினால் வருகிற மெயில் வரும். அனுப்புவது மட்டும் நின்றுவிடும். இது அதிகபட்சம் 24 மணி நேரத்தில் தானாகச் சரியாகும். இதற்குப் பாஸ்வேர்டு ரீசெட் கேட்டுக் கடிதம் எழுதிப் பிரயோஜனமில்லை.

ஆக, கடிதத்தில் முதலில் இருக்க வேண்டியது திரையில் வந்த வாசகம். எழுத்து மாறாமல், அல்லது ஸ்க்ரீன்ஷாட்டாக. ‘ஓப்பன் ஆகல’ என்பதைவிட அந்த ஒரு வரி பத்து மடங்கு வேலை செய்யும்.

திறக்கத் திறக்கப் பூட்டிக்கொள்ளும் கணக்கு

இந்த வகைப் பூட்டுகளில் மிகவும் படுத்துவது ஒன்று உண்டு. அலுவலகத்தில் திறந்துவிடுவார்கள். பத்து நிமிடத்தில் மறுபடி பூட்டிக்கொள்ளும். எப்படி என்று ஒரு மாணவியை வைத்துப் பார்ப்போம்.

மதுரைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி, மூன்றாம் ஆண்டு இ.சி.இ மாணவி என்று வைத்துக்கொள்ளுங்கள். திருமங்கலத்தில் இருந்து கல்லூரிப் பேருந்தில் வந்து போகிறவள். அந்தக் கல்லூரியில் ஐந்து முறை தவறான பாஸ்வேர்டு போட்டால் கணக்கு 30 நிமிடம் பூட்டிக்கொள்ளும். (இந்த எண்ணிக்கையைக் கல்லூரியே முடிவு செய்கிறது. சில இடங்களில் மூன்று, சில இடங்களில் பத்து.) வைஃபைக்கும் அதே ஐ.டி, அதே பாஸ்வேர்டு.

ஞாயிறு இரவு வீட்டில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றுகிறாள். மெயில் திறக்கிறது. அசைன்மென்ட் தளம் திறக்கிறது. நிம்மதியாகத் தூங்குகிறாள். திங்கள் காலை 9 மணி வகுப்பில் போனை எடுத்தால், பூட்டு. மதியம் கணினி மையத்துக்கு ஓடுகிறாள். ‘பாஸ்வேர்டு தப்பாப் போட்டிருப்பம்மா’ என்று ரீசெட் செய்து கொடுக்கிறார்கள். சாயங்காலம் வீட்டில் வேலை செய்கிறது. செவ்வாய் காலை மறுபடி பூட்டு. மறுபடி ரீசெட். புதன் காலையும் அதே கதை.

அலுவலகத்தில் இருப்பவருக்கு, ‘இந்தப் பொண்ணுக்கு பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கிறதில்லை’ என்று தோன்றும். அவளுக்கோ, ‘இவங்க சரியா ரீசெட் பண்றதில்லை’ என்று தோன்றும். இரண்டும் இல்லை. தப்பான பாஸ்வேர்டைப் போடுவது மனிதரே அல்ல, ஒரு போன்.

அவள் இரண்டு மாதத்துக்கு முன் புது போன் வாங்கினாள். பழைய போனை ஹாஸ்டலில் இருக்கும் தோழிக்குக் கொடுத்துவிட்டாள். சிம் மாற்றினார்கள், போட்டோக்களை அழித்தார்கள். கல்லூரி வைஃபையை மட்டும் யாரும் நினைக்கவில்லை. அதில் இவளுடைய ஐ.டி-யும் பழைய பாஸ்வேர்டும் அப்படியே பதிந்திருந்தன. இவள் பாஸ்வேர்டை மாற்றும் வரை தோழிக்கும் வைஃபை ஜோராகக் கிடைத்தது. மாற்றிய பிறகு அந்த போன் கல்லூரி வைஃபை எல்லைக்குள் வரும்போதெல்லாம் பழைய பாஸ்வேர்டைக் காட்டிக் கதவைத் தட்டுகிறது. மறுத்தால் மறுபடி தட்டுகிறது. ஐந்து தட்டலில் பூட்டு விழுந்துவிடும். தோழிக்கு இது தெரியவே தெரியாது. ‘வைஃபை வரல’ என்று மொபைல் டேட்டாவைப் போட்டுக்கொண்டு அவள் பாட்டுக்கு இருப்பாள்.

இங்கே ரீசெட் செய்வது உதவாது என்பது மட்டுமல்ல, நிலைமையை மோசமாக்கும். ஒவ்வொரு ரீசெட்டிலும் பாஸ்வேர்டு மாறுகிறது. அவளுடைய புது போன், லேப்டாப், ஆய்வகத்தில் எப்போதோ திறந்து வைத்த பிரவுசர் எல்லாவற்றிலும் பதிந்திருப்பது பழையதாகிவிடும். நேற்றுவரை ஒரு கருவி தட்டிக்கொண்டிருந்தது. இன்று நான்கு தட்டும்.

அலுவலகம் எங்கே தேடும்?

நல்லவேளையாக, இதற்கெல்லாம் பதிவு இருக்கிறது. விண்டோஸ் சர்வர் வைத்திருக்கும் கல்லூரியில் ஒரு கணக்கு பூட்டிக்கொள்ளும்போது சர்வரின் பதிவேட்டில் 4740 என்ற எண்ணோடு ஒரு குறிப்பு விழும். எந்தக் கணக்கு, எத்தனை மணிக்கு, எந்தக் கணினி வழியாக என்பது அதில் இருக்கும். ஆய்வகக் கணினி என்றால் அதன் பெயரே வந்துவிடும். வைஃபை வழியாக வந்திருந்தால், அங்கே போனின் பெயர் இருக்காது, வைஃபைக்குச் சரிபார்ப்பு செய்யும் சர்வரின் பெயர்தான் இருக்கும். அட்மின் அடுத்து அந்த சர்வரின் பதிவைத் திறந்து, அதே நிமிடத்தில் அதே ஐ.டி-யோடு வந்த கருவி எது என்று பார்ப்பார். அங்கே கருவியின் ‘மேக்’ முகவரி கிடைக்கும். இரண்டிரண்டு எழுத்தாக ஆறு ஜோடி கொண்ட ஒரு அடையாளம் அது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆண்ட்ராய்டு 10, ஐபோனில் ஐ.ஓ.எஸ் 14 வந்ததில் இருந்து போன்கள் தங்களின் நிஜ மேக் முகவரியைக் காட்டாமல், ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைப்பெயரைக் காட்டுகின்றன. முதல் ஜோடியின் இரண்டாவது எழுத்து 2, 6, A, E ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் புனைப்பெயர்தான். அதனால் போன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை எழுதிக் கொடுத்தால் பொருந்தாது. போனின் வைஃபை அமைப்பில், கல்லூரி வைஃபையின் பெயரைத் தொட்டுப் பார்த்தால் அங்கே காட்டும் முகவரியைத்தான் கொடுக்க வேண்டும்.

இத்தனையும் அட்மினின் வேலைதான். ஆனால், ஆயிரக்கணக்கான பேரின் உள்நுழைவுகள் ஓடும் பதிவேட்டில் அவர் எங்கிருந்து தேடுவார்? ‘மூன்று நாளாகப் பிரச்னை’ என்றால் மூன்று நாளையும் புரட்ட வேண்டும். ‘திங்கள் காலை 8.50 வரை வேலை செய்தது, 9.05-க்குப் பூட்டியிருந்தது’ என்றால் பதினைந்து நிமிடத்தைப் பார்த்தால் போதும். ‘வீட்டில் வேலை செய்கிறது, கல்லூரிக்குள் வந்தால் பூட்டிக்கொள்கிறது’ என்ற ஒரு வாக்கியம் போதும், அனுபவமுள்ளவர் வைஃபை பதிவைத்தான் முதலில் திறப்பார்.

‘நான்தான்’ என்பதற்கு என்ன சாட்சி?

இதுவரை சொன்னது காரணம். இன்னொன்று, கடிதம் எழுதியது நீங்கள்தானா என்பது. நேரில் வரச் சொல்லி அலைக்கழிக்கிறார்கள் என்று கோபப்படும் மாணவர்களும் பெற்றோர்களும் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

உங்கள் பதிவு எண் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். பிறந்த நாள், கேக் வெட்டிய அத்தனை பேருக்கும் தெரியும். ஒரு புது ஜிமெயில் ஆரம்பித்து உங்கள் பெயரில் ‘ப்ளீஸ் ரீசெட்’ என்று எழுத யாருக்கும் இரண்டு நிமிடம் போதும். அதை நம்பி அலுவலகம் புது பாஸ்வேர்டை அந்த முகவரிக்கே அனுப்பிவிட்டால், உங்கள் மெயில், மதிப்பெண், புராஜெக்ட் எல்லாம் அந்த நபர் கையில். மனஸ்தாபத்தில் பிரிந்த நண்பராகவும் அவர் இருக்கலாம். அதனால் பெண் பிள்ளைகளின் கணக்கு விஷயத்தில் அலுவலகம் கறாராக இருந்தால் பெற்றோர் சந்தோஷப்பட வேண்டும் என்பதே என் கட்சி.

பெரிய நிறுவனங்களே இதில் அடி வாங்கியிருக்கின்றன. அமெரிக்காவின் க்ளோராக்ஸ் நிறுவனம் 2023 ஆகஸ்டில் சைபர் தாக்குதலுக்கு உள்ளானது. தங்களுக்காக உதவி மையம் நடத்திய காக்னிசன்ட் நிறுவனத்துக்குத் தாக்குதல்காரர் போன் செய்து ஊழியர்போலப் பேச, சரிபார்க்காமல் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார்கள் என்பது க்ளோராக்ஸின் குற்றச்சாட்டு. சுமார் 38 கோடி டாலர் நஷ்டம் என்று 2025 ஜூலையில் வழக்கும் தொடர்ந்தது. க்ளோராக்ஸின் பாதுகாப்பு எங்கள் பொறுப்பல்ல, உதவி மையச் சேவைக்கு மட்டுமே ஒப்பந்தம் என்கிறது காக்னிசன்ட். வழக்கு எப்படி முடிந்தாலும், ‘பாஸ்வேர்டு மறந்துடுச்சு, ரீசெட் பண்ணுங்க’ என்ற சாதாரண வேண்டுகோளுக்குப் பின்னால் இருக்கும் ஆபத்து இதுதான்.

ஆகவே, கடிதத்தோடு கல்லூரி அடையாள அட்டையைக் காட்ட நேரில் போவதுதான் எல்லாவற்றையும்விட வேகமான வழி. ஊரில் இருந்தால், சேர்க்கையின்போது கொடுத்த கைபேசி எண்ணுக்கு அலுவலகத்தையே திரும்ப அழைக்கச் சொல்லி எழுதுங்கள். நீங்கள் அழைப்பது சாட்சி ஆகாது, அவர்கள் தங்களின் பதிவேட்டில் இருக்கும் எண்ணுக்கு அழைப்பதுதான் சாட்சி. வகுப்பு ஆலோசகர் தன் கல்லூரி மெயிலில் இருந்து உங்கள் கடிதத்தை அனுப்பிவைத்தாலும் பல இடங்களில் ஏற்பார்கள். எச்.ஓ.டி கையெழுத்து கட்டாயம் என்ற கல்லூரிகளும் உண்டு. அவர் மீட்டிங்கில் இருந்தால் அரைநாள் அவுட்!

கடிதத்தில் எழுதவே கூடாதவையும் உண்டு. பழைய பாஸ்வேர்டு, உங்களுக்கு வேண்டிய புது பாஸ்வேர்டு இரண்டும் கூடாது. ‘சார், இதையே வெச்சுடுங்க’ என்று எழுதிக் கொடுப்பவர்கள் நிறைய பேர். அந்தக் காகிதம் அலுவலக மேஜையில் பல நாள் கிடக்கும். ஓ.டி.பி-யும் கூடாது. ஆதார் நகலும் தேவையில்லை. நீங்கள் அந்தக் கல்லூரி மாணவர் என்பதற்கு ஆதாரம் கல்லூரியிடமே இருக்கிறது.

அந்தக் கடிதம்

நம் திருமங்கலத்து மாணவி புதன்கிழமை எழுத வேண்டிய கடிதம் இப்படி இருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசை போதும்.

*பெறுநர்: நிர்வாகி, கணினி மையம்*

*பொருள்: கல்லூரிக்குள் வந்ததும் தினமும் லாக் ஆகும் கணக்கைத் திறந்து, காரணம் கண்டறிய வேண்டுதல்*

*மதிப்புக்குரிய ஐயா,*

*நான் மூன்றாம் ஆண்டு இ.சி.இ ‘பி’ பிரிவு மாணவி. என் பதிவு எண்ணும் கல்லூரி மெயில் முகவரியும் கையெழுத்தின் கீழே உள்ளன.*

*ஞாயிறு இரவு 9 மணிக்கு என் பாஸ்வேர்டை நானே மாற்றினேன். அன்று வீட்டில் சரியாக வேலை செய்தது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் காலை 8.50-க்கு பேருந்தில் இருக்கும்போது மெயில் திறந்தது. 9.05-க்கு வகுப்பில் பார்த்தபோது கணக்கு பூட்டியிருந்தது. திரையில் வந்த செய்தியின் படத்தை இணைத்திருக்கிறேன். திங்களும் செவ்வாயும் தாங்கள் ரீசெட் செய்து கொடுத்தீர்கள். மாலையில் வீட்டில் வேலை செய்கிறது, கல்லூரிக்குள் வந்தால் பூட்டிக்கொள்கிறது.*

*கல்லூரி வைஃபையில் என் ஐ.டி போட்ட கருவிகள்: இப்போதைய போன், லேப்டாப், இரண்டு மாதத்துக்கு முன் ஹாஸ்டல் தோழிக்குக் கொடுத்த பழைய போன். கடைசியாகச் சென்ற ஆய்வகம், சென்ற வியாழன் இரண்டாம் மாடி.*

*வெள்ளி மாலை 5 மணிக்குள் வேலை வாய்ப்புப் படிவத்தை இந்தக் கணக்கில் இருந்து அனுப்ப வேண்டும். பாஸ்வேர்டு எனக்கு நினைவிருக்கிறது; ரீசெட் இல்லாமல் பூட்டை மட்டும் திறந்து, எந்தக் கருவியால் பூட்டு விழுகிறது என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். இன்று மதிய இடைவேளையில் அடையாள அட்டையுடன் நேரில் வருகிறேன்.*

இவ்வளவுதான். ‘பழைய போன்’ என்று எழுதும்போதே அவளுக்கே பொறி தட்டியிருக்கும். கருவிகளைப் பட்டியல் போடச் சொல்வதே அதற்குத்தான். ‘அர்ஜென்ட்’ என்ற வார்த்தை கடிதத்தில் எங்குமே இல்லை என்பதையும் கவனியுங்கள். எல்லாக் கடிதத்திலும் அர்ஜென்ட் இருப்பதால் அதற்கு மதிப்பு போய் வெகு நாளாகிறது. ‘வெள்ளி மாலை 5 மணி’ என்பதற்கு மதிப்பு உண்டு.

திறந்த பிறகு

வரிசை முக்கியம். முதலில் தோழியின் போனில் கல்லூரி வைஃபையை ‘ஃபர்கெட்’ கொடுக்க வேண்டும். லேப்டாப்பிலும் அப்படியே. அதற்குப் பிறகுதான் பூட்டைத் திறக்கச் சொல்ல வேண்டும். பூட்டைத் திறந்துவிட்டுக் கருவிகளைத் தேடப் போனால், தேடி முடிப்பதற்குள் ஐந்து தட்டல் முடிந்துவிடும். திறந்ததும் ஒவ்வொரு கருவியாகப் புது பாஸ்வேர்டைப் போட்டு, ஒன்று சரியாக இணைந்த பிறகு அடுத்ததற்குப் போங்கள். அரை மணி நேரம் கல்லூரிக்குள் இருந்தும் பூட்டு விழவில்லை என்றால் பிரச்னை தீர்ந்தது. விழுந்தால் இன்னும் ஏதோ ஒரு கருவி பாக்கி.

அலுவலகம் தற்காலிக பாஸ்வேர்டு கொடுத்திருந்தால், முதல்முறை நுழையும்போதே அதை மாற்றச் சொல்லித் திரை கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் நீங்களாகவே உடனே மாற்றிவிடுங்கள். பல இடங்களில் தற்காலிக பாஸ்வேர்டு எல்லோருக்கும் ஒன்றாகவோ, பிறந்த தேதியாகவோ இருக்கும்.

போன் தொலைந்து, ஓ.டி.பி வராததால் வெளியே நிற்பவர்களுக்குக் கடிதம் வேறு. அவர்களுக்கு பாஸ்வேர்டு ரீசெட் உதவாது, இரண்டாவது பூட்டுதான் பிரச்னை. ‘போன் தொலைந்துவிட்டது, பாஸ்வேர்டு தெரியும், பேக்கப் கோடு தேவை’ என்று எழுத வேண்டும். கூகுள் கணக்கில் அட்மினால் அந்த மாணவருக்கான பேக்கப் கோடுகளை எடுத்துக் கொடுக்க முடியும். எட்டு இலக்க எண்கள், மொத்தம் பத்து வரும், ஒன்றை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். இதை போன் தொலைவதற்கு முன்பே நீங்களாகவே எடுத்து, காகிதத்தில் எழுதி வீட்டு பீரோவில் வைத்துக்கொள்ளலாம். போனிலேயே படம் எடுத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். போன் தொலைந்தால் அதுவும் சேர்ந்து போகும்!

இறுதியாண்டு மாணவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. படிப்பு முடிந்த சில மாதங்களில் ‘என் கணக்கு திறக்கல’ என்று வரும் கடிதங்களில் பலவற்றில் பூட்டே கிடையாது, கணக்கையே கல்லூரி நீக்கியிருக்கும். கூகுளில் நீக்கிய கணக்கை 20 நாள்களுக்குள் அட்மினால் மீட்க முடியும். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல கடிதம் எழுதினாலும் புராஜெக்ட் ஃபைல்கள் திரும்ப வராது.